கேமரா அவருடையது, முடிவு யாருடையது?

சம்பளம் கொடுத்துப் படம் எடுக்கும் இடத்தில் கருத்து வேறுபாடு வந்தால், பெரும்பாலும் சம்பளம் கொடுப்பவர் சொல்வதே கடைசியில் நடக்கும். பிடிக்கவில்லை என்றாலும் மாதக் கடைசியில் காசு வருகிறது என்று மற்றவர்கள் வேலையை முடித்துக் கொடுத்து விடுவார்கள். ஆனால், சனி ஞாயிறுகளில் ஒன்று கூடி, தங்கள் சொந்தக் காசைப் போட்டு, 10 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுக்க முனையும் நம் இளைஞர்களின் நிலை வேறு. அங்கே யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது. அதே வேளையில், மனம் கசந்தவர் அடுத்த வாரம் வராமல் இருந்து விடலாம். அவரைக் கேட்பதற்கும் வழி இல்லை.

இப்படிப்பட்ட குழுக்களில் அதிகாரம் இல்லாமல் போய்விடுவதில்லை. அது வேறு இடங்களில் போய் ஒளிந்து கொள்கிறது என்பதுதான் உண்மை. கேமரா யாருடையதோ அவர் பேச்சு எடுபடும். படப்பிடிப்புக்கு வீட்டைக் கொடுத்தவரின் மகன் ஒரு காட்சியை மாற்றச் சொன்னால் மறுக்க முடியாது. வயதில் மூத்தவர், "தம்பி, நான் சொல்றதைக் கேளு" என்றால் கதை எழுதிய பையன் வாயை மூடிக்கொள்வான். இவர்கள் யாரும் தவறான எண்ணத்தோடு நடந்து கொள்கிறார்கள் என்று சொல்ல முடியாது. யார் எதை முடிவு செய்வது என்று முன்கூட்டியே பேசி வைக்காத இடத்தில், பொருள் வைத்திருப்பவரும் குரல் உயர்ந்தவரும் முடிவு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

பாதியில் நின்றுபோன குறும்படங்கள் நம்மிடையே நிறைய. சிறிய குழுவின் படம் நின்று போனால், பணம் போதவில்லை என்றே வெளியில் சொல்வார்கள். சற்று நெருங்கி விசாரித்தால், ஒளிப்பதிவாளர் மெமரி கார்டைக் கொண்டு போனவர் திருப்பித் தரவில்லை, அல்லது படத்தொகுப்பு செய்தவர் மூன்று மாதமாகத் தொலைபேசியை எடுக்கவில்லை என்று தெரிய வரும். அதற்குப் பின்னால் ஒரு காட்சியைப் பற்றிய சண்டை இருக்கும்.

வேலைப் பட்டியல் போதாது

குழு சேர்ந்த முதல் நாளே பொறுப்புகளைப் பிரிப்பது எல்லாரும் செய்வதுதான். இவர் இயக்குநர், இவர் ஒளிப்பதிவு, இவர் ஒலிப்பதிவு, இவர் படத்தொகுப்பு, இவர் தயாரிப்பு என்று ஒரு தாளில் எழுதி விடுவார்கள். அந்தத் தாள் யார் எந்த வேலையைச் செய்வார் என்பதைத்தான் சொல்கிறது. எந்த விஷயத்தில் யாருடைய சொல் கடைசிச் சொல் என்பதை அது சொல்வதில்லை. சண்டை வருவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

உலகெங்கும் திரைப்படத் துறையில் வழக்கமாகிவிட்ட பிரிவினை ஒன்று இருக்கிறது. அதைச் சிறிய குழுவுக்குத் தக்கபடி இப்படிச் சொல்லலாம். என்ன கதை, அதில் ஒரு காட்சி எதை உணர்த்த வேண்டும், நடிகர் எப்படி நடிக்க வேண்டும் என்பது இயக்குநரின் முடிவு. அந்த உணர்வை எந்த வெளிச்சத்தில், எந்த லென்சில் கொண்டு வருவது என்பதில் ஒளிப்பதிவாளர் யோசனை சொல்வார், செய்தும் காட்டுவார். இயக்குநர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால், லென்சைக் கழற்றி மாட்டுவதில் இயக்குநர் கை வைக்கக் கூடாது. எத்தனை வெள்ளி செலவு, எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும், யாருடைய அனுமதி வேண்டும் என்பவை தயாரிப்பாளரின் முடிவு. இங்கே இயக்குநர் கெஞ்சிப் பார்க்கலாம், கட்டளையிட முடியாது. பாதுகாப்பு என்று வந்து விட்டால் மட்டும் இந்தப் படிநிலை எதுவும் கிடையாது. ஈரத் தரையில் மின்கம்பி கிடப்பதைப் பார்த்தால், தேநீர் கொண்டு வந்த தம்பி கூட "நிறுத்துங்க" என்று சொல்லலாம். எல்லாரும் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

பிரச்சினை இந்தத் தெளிவான இடங்களில் அதிகம் வருவதில்லை. இரண்டு பேருடைய வேலை ஒன்றன் மேல் ஒன்று விழும் இடங்களில்தான் வருகிறது. படப்பிடிப்பு அன்று வசனத்தை மாற்றலாமா? எழுதியவர் அங்கேயே நின்று கொண்டிருப்பார். பின்னணி இசை வேண்டுமா, மௌனமே போதுமா? இசையமைத்தவர் ஏற்கெனவே ஒரு வாரம் உழைத்திருப்பார். படத்தின் நிறத்தைக் கடைசியில் சரி செய்வது ஒளிப்பதிவாளரா, படத்தொகுப்பாளரா? முதல் கூட்டத்தில் இந்த மூன்று நான்கு எல்லைப் பகுதிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயரை எழுதி வைத்தால் போதும். இரண்டு பெயர் எழுதினால் எழுதாததற்குச் சமம்.

அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் ஒரு படத்திற்கு ஓர் இயக்குநர் என்ற விதியைப் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறது. இணைந்து இயக்குபவர்கள் அதற்கென்று தனியாக விலக்குக் கேட்டுப் பெற வேண்டும். நம் ஊரில் நண்பர்கள் இருவர் மனம் நோகக் கூடாது என்று இருவர் பெயரையும் இயக்குநர் என்று போடுவதைப் பார்க்கிறோம். அது நட்புக்கு நல்லது என்று நினைப்பார்கள். இருவரில் யார் சொன்னதைக் கேட்பது என்று தெரியாமல் நடிகர் நடுவில் நிற்கும்போதுதான் உண்மை புரியும்.

ஒருவரே இரண்டு பொறுப்பு வகிப்பது சிறிய குழுவில் தவிர்க்க முடியாதது. தயாரிப்பாளரே கதாநாயகனின் அண்ணனாக நடிப்பார். அப்போது அவர் பேசும்போது எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பேசுகிறார் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசுவது நல்லது. "தயாரிப்பாளரா சொல்றேன், ஏழு மணிக்கு வீட்டைக் காலி செய்யணும்" என்பது வேறு. "நடிகரா சொல்றேன், இந்த வசனம் வாயில நுழையல" என்பது வேறு. முன்னதை ஏற்றுத்தான் ஆக வேண்டும், பின்னது ஓர் ஆலோசனை மட்டுமே. கேட்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாவிட்டால், ஆலோசனையும் உத்தரவாகத் தோன்றும்.

ஓட்டெடுப்பு ஏன் உதவுவதில்லை?

ஜனநாயக முறையில் கை தூக்கி முடிவு செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், 11 பேர் கொண்ட குழுவில் கடைசிக் காட்சியைப் பற்றி ஓட்டெடுத்தால், அந்தக் காட்சியை ஒரு முறைகூட முழுதாகப் படிக்காதவருக்கும் ஒரு ஓட்டு, அதை எழுதியவருக்கும் ஒரு ஓட்டு. இரண்டாவது, ஓட்டு என்றதுமே ஆள் சேர்க்கும் வேலை தொடங்கி விடும். வாட்ஸ்அப்பில் குழுவுக்குள் இன்னொரு சின்னக் குழு பிறக்கும். மூன்றாவது சிக்கல் படத்துக்கே வருவது. முதல் காட்சியை ஒரு கூட்டணியும் கடைசிக் காட்சியை வேறொரு கூட்டணியும் தீர்மானித்தால், இரண்டும் ஒரே படமாக ஒட்டாது. ஓட்டெடுப்புக்குப் பொருத்தமான விஷயங்கள் இல்லாமல் இல்லை. படப்பிடிப்பு தேதி, சாப்பாடு, இரண்டு சுவரொட்டிகளில் எது என்பன போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.

அப்படியானால் இயக்குநர் சர்வாதிகாரியா? இல்லை. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் திபோ, சட்டத்துறை அறிஞர் லாரன்ஸ் வாக்கர் ஆகிய இருவரும் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் இங்கே நினைவுகூரத்தக்கது. வழக்குகளில் மக்கள் எதை நியாயம் என்று கருதுகிறார்கள் என்பதை அவர்கள் ஆராய்ந்தார்கள். தீர்ப்பு தனக்குச் சாதகமா என்பது மட்டும் மனநிறைவைத் தீர்மானிப்பதில்லை. தன் தரப்பைத் தானே முழுமையாக எடுத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா என்பதும் பெரிய அளவில் அதைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். படப்பிடிப்புத் தளம் நீதிமன்றம் இல்லைதான். ஆனால், தோற்றவர் மறுநாளும் வந்து நிற்க வேண்டிய இடம் அது. அதனால் முடிவு ஒருவர் கையில் இருந்தாலும், அந்த முடிவுக்குப் போகும் பாதையில் எல்லாருக்கும் இடம் இருக்க வேண்டும்.

லாரியா, சமையலறையா?

இதை ஓர் உதாரணத்தின் வழி பார்த்தால் எளிதாக விளங்கும். கிள்ளானில் 11 பேர் கொண்ட ஒரு குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சேர்ந்து போட்ட பணம் 1,800 வெள்ளி. சனி, ஞாயிறு இரண்டே நாளில் படப்பிடிப்பை முடிக்க வேண்டும். அனுப்பப் போகும் போட்டி 10 நிமிடத்திற்கு மேல் உள்ள படத்தை ஏற்காது. கதை, வேலை ஓய்வு பெற்ற ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றியது. வீட்டு வாசலில் நிற்கும் பழைய லாரியை விற்றுவிடச் சொல்லி மகள் வற்புறுத்துகிறாள். கடைசிக் காட்சியில் அப்பா சமையலறை மேசையில், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், லாரிச் சாவியை வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார். விற்கச் சம்மதித்து விட்டார் என்பதை வசனம் இல்லாமல் சொல்லும் காட்சி அது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணி. ஒளிப்பதிவாளருக்கு, கேமராவும் அவருடையதே, ஒரு யோசனை வருகிறது. "தம்பி, சமையலறை ரொம்பச் சின்னது, எங்க வச்சாலும் சுவர்தான் தெரியுது. லாரியை ஆத்தோரம் கொண்டு போவோம். சூரியன் இறங்கும்போது அப்பா லாரி பக்கத்தில நிழலுருவா நிக்கட்டும். படம் எங்கேயோ போயிடும்" என்கிறார். இயக்குநர் இளையவர். "அண்ணே, கதை சாவியில முடியுது" என்கிறார். இரண்டு பேரும் நிற்கிற இடத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்கிறது.

முதலில் பேச வேண்டியவர் தயாரிப்பாளர். எது அழகு என்பதைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது. நேரக் கணக்கை மட்டும் சொல்ல வேண்டும். சமையலறைக் காட்சிக்கு மூன்று கேமரா நிலைகள் திட்டமிடப்பட்டுள்ளன. பழக்கம் குறைந்த குழுவுக்கு ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு விளக்கை நகர்த்தி, ஒத்திகை பார்த்து, இரண்டு மூன்று முறை எடுக்க 35 நிமிடம் பிடிக்கும். ஐந்து மணிக்குத் தொடங்கினால் முடிய 6.45. பொருள்களை மூட்டை கட்ட 20 நிமிடம், ஆற்றோரம் போக 25 நிமிடம், அங்கே மீண்டும் பிரித்து வைக்க 20 நிமிடம். ஆக, 7.50 ஆகிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதுமே சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் மறைந்து விடுகிறது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. ஐரோப்பியப் படங்களில் பார்ப்பது போல நீண்ட அந்தி வெளிச்சம் இங்கே கிடையாது, படம் பிடிக்கத் தக்க வெளிச்சம் இருபது நிமிடம் நின்றாலே பெரிய விஷயம். போதாதற்கு, அந்த நேரத்தில்தான் மக்ரிப் பாங்கு ஒலிக்கும். அப்போது வசனத்தை ஒலிப்பதிவு செய்ய முடியாது. ஆற்றோரக் காட்சி வேண்டுமென்றால், சமையலறையை ஒரே நிலையில் 5.35-க்குள் முடித்து விட்டுக் கிளம்பினால்தான் 6.40-க்கு அங்கே தயாராக முடியும்.

இந்தக் கணக்கு வந்ததும் கேள்வியின் முகமே மாறி விடுகிறது. "எது அழகு?" என்ற முடிவில்லாத வாதம் போய், "ஆற்றோரக் காட்சிக்காகச் சமையலறையில் இரண்டு நிலைகளை இழக்கலாமா?" என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்குப் பதில் சொல்ல முடியும்.

அடுத்து, ஒளிப்பதிவாளருக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. அவர் தன் யோசனையின் பெருமையைச் சொல்லாமல், இப்போதுள்ள காட்சியில் பார்வையாளர் எதை இழக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு இயக்குநர் பதில் சொல்வதற்கு முன்னால், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். "நீங்க சொல்றது, கடைசிக் காட்சியில லாரியே இல்லாததனால சாவி எதோட சாவின்னு பார்க்கிறவங்களுக்கு மறந்து போகும், அதானே அண்ணே?" ஒளிப்பதிவாளர் "ஆமா, அதுதான்" என்று சொல்லும் வரை இயக்குநர் அடுத்த பேச்சுக்குப் போகக் கூடாது.

இந்த ஒரு படியைத்தான் பெரும்பாலான குழுக்கள் தாண்டிப் போய் விடுகின்றன. உண்மையில் முழு முறையிலும் அதிகம் பலன் தருவது இதுவே. ஏனென்றால், ஒருவர் கொண்டு வரும் தீர்வு வேறு, அந்தத் தீர்வுக்குப் பின்னால் உள்ள கவலை வேறு. ஒளிப்பதிவாளரின் தீர்வு, ஆற்றோரம். அவருடைய கவலை, லாரி கண்ணில் இல்லை என்பது. தீர்வை மறுத்துவிட்டு, கவலையை ஏற்றுக்கொள்ள இயக்குநரால் முடியும்.

லாரி வாசலில்தானே நிற்கிறது? சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அது தெரிகிறது. சாய்ந்த வெயில் அதன் மேல் விழுந்து கொண்டிருக்கிறது. அப்பா உட்காருவதற்கு முன் ஜன்னல் வழியே லாரியைப் பார்ப்பது போல ஒரே ஒரு கூடுதல் நிலை, விளக்கு தேவையில்லை, 20 நிமிடத்தில் முடிந்து விடும். மணி இப்போது 4.40. ஐந்துக்குள் அதை எடுத்துவிட்டுத் திட்டப்படி சமையலறைக்குப் போகலாம். இயக்குநர் முடிவைச் சொல்கிறார், காரணத்தையும் இரண்டு வாக்கியத்தில் சொல்கிறார். மொத்தம் பத்து நிமிடம். குழுவின் வாட்ஸ்அப்பில் உதவி இயக்குநர் ஒரு வரி எழுதிப் போடுகிறார்: "கடைசிக் காட்சி சமையலறையில். ஜன்னல் வழி லாரி சேர்க்கப்பட்டது. ஆற்றோரம் இல்லை." இந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்றால், மறுவாரம் "நான் அப்பவே சொன்னேன், யாரும் கேக்கல" என்ற பேச்சு எழும்போது, கேட்டார்கள், ஏற்கவில்லை என்பதற்கு அது சாட்சி. புதிய தகவல் எதுவும் வராமல் அந்த முடிவை மீண்டும் கிளறக் கூடாது என்பதும் விதி. திடீரென மழை கொட்டி ஜன்னலுக்கு வெளியே இருட்டி விட்டால், அது புதிய தகவல். ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் யோசித்தேன் என்பது புதிய தகவல் அல்ல.

எல்லா நேரமும் இப்படி இனிதாக முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜன்னலே இல்லாத வீடாக இருந்திருந்தால், ஒளிப்பதிவாளர் வெறுமனே தோற்றிருப்பார். அப்போதும் இயக்குநர் தம் முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "சரி, ரெண்டையும் எடுத்து வைப்போம், அப்புறம் பார்க்கலாம்" என்று சமாளிப்பது பலருடைய பழக்கம். நேரம் இருந்தால் அது நல்ல வழிதான். நேரம் இல்லாதபோது அப்படிச் செய்தால் இரண்டு காட்சியும் அரைகுறையாகும், சண்டை படத்தொகுப்பு மேசைக்கு இடம் மாறும். இரண்டையும் எடுப்பதென்றால், எதைச் சேர்ப்பது என்று பிறகு முடிவு செய்யப் போவது யார் என்பதை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

படத்தொகுப்பு மேசையில்

படப்பிடிப்பில் பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வாதத்துக்கு, படத்தொகுப்பில் நாள்கணக்கில் நேரம் கிடைக்கும். நேரம் அதிகம் இருப்பதே இங்கே ஆபத்து. அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தின் ஒப்பந்தப்படி, பெரிய செலவில் எடுக்கப்படும் திரைப்படங்களில் இயக்குநர் தம் முதல் வடிவத்தைத் தயாரிக்கப் பத்து வாரம் தரப்படுகிறது. அந்த வேளையில் மற்றவர்கள் தலையிடக் கூடாது. 10 நிமிடக் குறும்படத்திற்குப் பத்து வாரம் வேண்டாம், இரண்டு வாரம் போதும். ஆனால், அந்தத் தத்துவம் அப்படியே பொருந்தும். படத்தொகுப்பாளரும் இயக்குநரும் மட்டும் உட்காரும் நாள்கள், பிறகு குழு முழுவதும் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஒரு நாள், பிறகு பூட்டு. பூட்டிய பிறகு மாற்றம் இல்லை என்ற தேதியைத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்து விட வேண்டும்.

அதே உதாரணத்தில், படத்தொகுப்பாளர் தங்கை ஒரு மாற்றம் கேட்கிறார் என்று வையுங்கள். ஜன்னல் வழியே தெரியும் லாரியைக் கடைசிப் படமாக, சாவிக்குப் பிறகு போட வேண்டும் என்பது அவர் எண்ணம். இயக்குநருக்குச் சாவியில்தான் முடிய வேண்டும். இங்கே வாதத்தைவிடச் சோதனை சிறந்தது. இரண்டு வடிவங்களையும் செய்து, குழுவில் இல்லாத, கதையைக் கேள்விப்படாத எட்டுப் பேரை அழைக்க வேண்டும். நான்கு பேருக்கு ஒரு வடிவம், மற்ற நான்கு பேருக்கு இன்னொன்று. ஒரே ஆளுக்கு இரண்டையும் காட்டினால், இரண்டாவதைப் பார்க்கும்போது அவருக்குக் கதை முன்பே தெரிந்து விடும்.

கேட்கும் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. "எது பிடித்தது?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் அது மீண்டும் ஓட்டெடுப்பாகிவிடும், பார்த்தவர்களும் முகத்தாட்சண்யத்துக்காக நல்லதாகவே சொல்வார்கள். "கடைசியில் அப்பா என்ன முடிவு செய்தார்?" என்று கேட்க வேண்டும். சாவியில் முடிந்த வடிவத்தைப் பார்த்த நால்வரில் மூவர், விற்கச் சம்மதித்தார் என்கிறார்கள். லாரியில் முடிந்த வடிவத்தைப் பார்த்த நால்வரில் மூவர், மனம் மாறி விற்க மறுத்து விட்டார் என்கிறார்கள். கதையை எழுதிய நாளிலேயே, அவர் சம்மதிக்கிறார் என்று குழு எழுதி வைத்திருந்தது. ஆகவே, முடிவு சாவிதான். நான்கு பேரை வைத்து எதையும் நிரூபித்து விட முடியாதுதான். மக்கள் கருத்துக் கணிப்பு அல்ல இது. என்றாலும், தங்கையின் ரசனை மட்டம் என்று யாரும் சொல்லாமல், அந்த வடிவம் வேறு கதையைச் சொல்கிறது என்று காட்ட முடிந்தது. தோற்றவருக்கு இது பெரிய வேறுபாடு.

குழு பார்க்கும் நாளில், ஒலிப்பதிவாளர் படம் 10 நிமிடம் 20 விநாடி ஓடுகிறது என்று கவனித்துச் சொன்னால் அங்கே வாதமே இல்லை. போட்டி விதி தயாரிப்பாளரின் பகுதி. இருபது விநாடியைக் குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது என்பது இயக்குநரின் பகுதி.

இரு தலைகளும் மோதினால்

எல்லை வகுத்த பிறகும் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே எல்லையைப் பற்றியே சண்டை வரலாம். "இது பணப் பிரச்சினை" என்று ஒருவரும், "இது கதைப் பிரச்சினை" என்று மற்றவரும் சொல்லும் இடம் அது. இதற்கு மூன்றாவது ஆள் ஒருவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். படத்தில் பங்கு இல்லாத, இருவரும் மதிக்கும் ஒருவர், பழைய ஆசிரியராகவோ நாடகக் குழு மூத்தவராகவோ இருக்கலாம். சண்டை வந்த பிறகு தேடினால், அவர் யாருடைய ஆள் என்பதே அடுத்த சண்டையாகும். எது அழகு என்று அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இது யார் பகுதி என்பதை மட்டும் சொன்னால் போதும்.

எடுத்த காட்சிகள் யார் வசம் இருக்க வேண்டும் என்பதையும் பேசிவிட வேண்டும். ஒவ்வொரு நாள் இரவும் மெமரி கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்று தயாரிப்பாளரிடமும் மற்றொன்று வேறு ஒருவரிடமும் இருப்பது நல்லது. தொழில்நுட்பக் காரணத்துக்காகச் செய்வதுதான் இது. ஆனால், கோபத்தில் யாரும் படத்தையே பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்பது கூடுதல் பயன். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், திரைப்படத்தைப் பொறுத்தவரை அது உருவாவதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரையே அதன் படைப்பாளராகக் குறிப்பிடுகிறது. சம்பளமும் ஒப்பந்தமும் இல்லாத குழுவில், ஏற்பாடு செய்தவர் யார் என்று பின்னால் நிரூபிப்பது எளிதல்ல. அரைப் பக்கத் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வைத்தால் அந்தத் தலைவலி இராது.

கடைசி முடிவு தம் மனத்துக்கு ஒப்பவே ஒப்பாதவருக்கு விலகிக்கொள்ளும் வழியும் வேண்டும். ஹாலிவுட்டில் 1969-இல் வெளியான ஒரு படத்தில், அதை இயக்கிய இருவருமே தங்கள் பெயரைப் போட மறுத்ததால், ஆலன் ஸ்மிதி என்ற இல்லாத மனிதரின் பெயரை இயக்குநர்கள் சங்கம் அனுமதித்தது. அதன் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டு காலம், தம் படம் தம் கையை விட்டுப் போய்விட்டது என்று சங்கத்திடம் நிரூபித்தவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார்கள். ஆலன் ஸ்மிதி யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகுதான் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. நம் குழுக்களுக்குப் புனைபெயர் தேவையில்லை. படம் பூட்டிய நாளிலிருந்து மூன்று நாளுக்குள் யாரும் தம் பெயரை எடுத்துவிடச் சொல்லலாம், ஆனால் தாம் செய்த வேலையைத் திரும்பக் கேட்க முடியாது என்று எழுதி வைத்தால் போதும். இந்த உரிமை இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் அதைப் பயன்படுத்துவதில்லை.

எப்போது இது பயன்படாது?

கருத்து வேறுபாடு எல்லாமே படைப்பைப் பற்றியதாக இருப்பதில்லை. நடிகையிடம் ஒருவர் முறைகேடாக நடந்து கொண்டார் என்றால், மூன்று நிமிடம் பேசவிட்டுத் திருப்பிச் சொல்வது அதற்கு வழியல்ல. அங்கே படப்பிடிப்பை நிறுத்தி, அந்த ஆளை வெளியே அனுப்ப வேண்டும். பணக் கணக்கில் சந்தேகம் என்றாலும் கணக்கைக் காட்டுவதுதான் வழி. அதேபோல், கதையே தேறாத படத்தை எந்த நடைமுறையும் காப்பாற்றாது. சண்டை இல்லாமல் ஒரு மோசமான படம் எடுத்து முடிப்பார்கள், அவ்வளவுதான்.

இயக்குநர் கேட்பது போல நடித்தாலும் முறை தோற்று விடும். ஒவ்வொருவரையும் மூன்று நிமிடம் பேச விட்டு, ஒவ்வொரு முறையும் தாம் முதலில் நினைத்ததையே செய்தால், நான்காவது முறை யாரும் பேச மாட்டார்கள். அதை முன்கூட்டியே கண்டு பிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. வழக்கமாக வாதம் செய்பவர் திடீரென்று "உங்க இஷ்டம்" என்கிறார். ஆறு மணிக்கு வருபவர் ஏழுக்கு வருகிறார். ஒளிப்பதிவாளர் கேட்ட அளவை விட்டு வேறு அளவில் சட்டம் வைத்துவிட்டு, கேட்டால் "மறந்துட்டேன்" என்கிறார். பொதுக் குழுவில் செய்தி குறைந்து, இரண்டு இரண்டு பேராகத் தனியே பேசிக்கொள்வது கூடுகிறது. இவற்றில் இரண்டு ஒரே வாரத்தில் தென்பட்டால், தயாரிப்பாளர் அடுத்த படப்பிடிப்பு நாள் வரை காத்திருக்காமல், அந்த ஆளைத் தனியாகச் சந்தித்து ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, எந்த முடிவில் தம் பேச்சு கேட்கப்படவில்லை என்று நினைக்கிறார் என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் அவர் சொல்வது, இயக்குநருக்கு நினைவில்கூட இல்லாத ஒரு சின்ன விஷயமாக இருக்கும்.